என் பெயரில் இரண்டு இ.எஸ்.ஐ எண்

2024 பிப்ரவரியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. 5ஆம் தேதி முதல் 28ஆம் தேதி வரை, மொத்தம் 24 நாள் வேலைக்குப் போகவில்லை. வைத்தியம் எல்லாம் தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடான இ.எஸ்.ஐ-யில்தான். மருந்தகத்தில் சீட்டு போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஓய்வுக்கான சான்றிதழும் கொடுத்தார்கள். எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை. அதனால், விடுப்பு நாட்களுக்கான பணமும் இதே மாதிரி தானாக வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு கோயம்புத்தூரில் எங்கள் பகுதிக்கான இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த மேடம் என் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு இன்னும் பீரியடே ஆரம்பிக்கலையே, மே மாசம் ஒண்ணாந்தேதிதான் ஆரம்பிக்குது" என்றார்.

"மேடம், நான் 2022-லிருந்து பணம் கட்டறனுங்க."

அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் 2023 ஆகஸ்ட் முதல்தான் பணம் ஏறியிருந்தது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. என் ஆதார் நகலை வாங்கி, பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடியவர், கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கு ரெண்டு நம்பர் இருக்குங்க தம்பி. ரெண்டும் நீங்கதானா?" என்று கேட்டார்.

இரண்டும் நான்தான். அது எப்படி நடந்தது, என்ன செலவு வைத்தது, எப்படிச் சரி செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். முதல் வேலைக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் இருக்காது.

டிப்ளமோ முடித்ததும் 2022 ஜூனில் ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த அன்று ஆதார், மார்க் ஷீட், பாஸ்புக் நகல், இரண்டு போட்டோ என்று ஒரு கட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரு படிவத்தில் பேனாவால் விவரம் எழுதச் சொன்னார்கள். பிஎஃப், இ.எஸ்.ஐ வேலைகளை கம்பெனி வெளியில் ஒரு கன்சல்டன்ட்டிடம் விட்டிருந்தது. நான் எழுதிய படிவத்தைப் பார்த்து அந்த அலுவலகத்தில் யாரோ கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்போது மூன்று தவறு நடந்திருக்கிறது. ஆதாரில் Karthik M என்று இருக்கும் பெயரை Karthick என்று, ஒரு c சேர்த்து, இனிஷியல் இல்லாமல் போட்டிருக்கிறார்கள். என் கைபேசி எண்ணுக்குப் பதிலாக அவர்களுடைய எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். ஓடிபி வந்தால் என்னை ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டாமே என்று செய்திருக்கலாம். மூன்றாவது, ஆதாரை அந்தப் பதிவோடு இணைக்கவே இல்லை.

எனக்குக் கிடைத்தது சம்பளச் சீட்டில் ஒரு வரி மட்டும். ESI 117. சம்பளம் ₹15,600, அதில் 0.75 சதவீதம் பிடித்தம். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது ₹507 கட்டியிருக்கும். மாதச் சம்பளம் ₹21,000 வரை இருப்பவர்களுக்கு இந்தப் பிடித்தம் உண்டு. 117 ரூபாய்தானே என்று அந்த வரியை நான் ஒரு முறைகூட நிதானமாகப் படித்ததில்லை. பக்கத்திலேயே பத்து இலக்க எண் ஒன்று அச்சாகியிருந்தது. அதுதான் என்னுடைய இன்சூரன்ஸ் எண். கம்பெனிக்கான எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த எண் கம்பெனியுடையது இல்லை. ஒருவர் முதல்முறை இ.எஸ்.ஐ-க்குள் வரும்போது அவருக்கென்று உண்டாகிறது, அப்புறம் எத்தனை கம்பெனி மாறினாலும் அதேதான். நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டி இ.எஸ்.ஐ-யை விட்டு வெளியே போய், பிறகு குறைந்த சம்பளத்துக்கு வேறு இடத்தில் சேர்ந்தாலும் பழைய எண்தான். புதிய கம்பெனி செய்ய வேண்டியது, இவருக்கு ஏற்கெனவே எண் இருக்கிறது என்று சொல்லி அந்த எண்ணைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்வது மட்டும்தான்.

2023 ஜூன் 12-ல் முதல் கம்பெனியிலிருந்து நின்றேன். ஜூலை முழுக்க வீட்டில். ஆகஸ்ட் 1-ல் ஃபவுண்டரி ஒன்றில் கிட்டத்தட்ட அதே சம்பளத்துக்குச் சேர்ந்தேன். அங்கே ஹெச்ஆர் சார், "பழைய இ.எஸ்.ஐ நம்பர் இருக்குதா?" என்று கேட்டார். கேட்டதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "தெரியலைங்க சார்" என்றேன். "சரி விடு, புதுசா போட்டுக்கலாம்" என்று அவரும் விட்டுவிட்டார். இந்த முறை பெயர் ஆதாரில் இருப்பது போலவே ஏறியது, ஆதாரும் இணைந்தது. பழைய பதிவில் ஆதாரும் இல்லை, பெயரும் ஓர் எழுத்து வேறு. அதனால் கணினிக்கு நான் புது ஆள். முதல் எண்ணில் ஆதார் இருந்திருந்தால் இரண்டாவது எண் போடும்போதே மாட்டியிருக்கும் என்று பிறகு கிளை அலுவலகத்தில் சொன்னார்கள்.

இரண்டு எண் இருந்தால் என்ன, பணம்தான் கட்டியாகிவிட்டதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மேடம் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

இ.எஸ்.ஐ-யில் ஆண்டை இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்கான பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுத்தால் கிடைக்கும் பணத்துக்கு, அந்தப் பலனுக்கு உரிய ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சம்பளத்துக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும்.

நான் படுத்தது பிப்ரவரி 2024. ஆக, பார்க்க வேண்டியது 2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கு. பழைய எண்ணில் ஏப்ரல் 26 நாள், மே 26 நாள், ஜூனில் 10 நாள். மொத்தம் 62. புதிய எண்ணில் ஆகஸ்ட் 26, செப்டம்பர் 26. மொத்தம் 52. இரண்டும் ஒரே எண்ணில் இருந்திருந்தால் 114 நாள். தாராளமாகத் தகுதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 78-க்குக் கீழே.

புதிய எண்ணுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல்முறை இ.எஸ்.ஐ-க்குள் வருகிறவருக்கு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் பலன் காலம் தொடங்கும். புதிய எண் என்னை 2023 ஆகஸ்ட் 1-ல் பிறந்தவனாகப் பார்க்கிறது. அதிலிருந்து ஒன்பது மாதம் என்றால் 2024 மே 1. மேடம் முதலில் சொன்ன தேதி அதுதான்.

மருந்தகத்தில் ஏன் எந்தத் தடங்கலும் வரவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வைத்தியம் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. வேலையில் அடிபட்டால் தரும் பணத்துக்கும் இந்த 78 நாள் கணக்கு கிடையாது. அதனால் எண் பிளவுபட்டிருப்பது அன்றாடத்தில் வெளியே தெரியவே தெரியாது. சீட்டு போடும்போது தெரியாது, மாத்திரை வாங்கும்போது தெரியாது. கைக்குப் பணம் வரவேண்டிய இடத்தில்தான் தெரியும். பிரசவ விடுப்புக்கும் இப்படித்தான். 26 வார முழுச் சம்பளம் தருகிறார்கள், ஆனால் அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் இருக்க வேண்டும். நடுவில் கம்பெனி மாறிய பெண்களுக்கு எண் பிளவுபட்டிருந்தால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டால் என்னுடையது சில்லறை.

என்னுடையது எவ்வளவு என்றால், நாள் சம்பளம் 15,600-ஐ 26-ஆல் வகுத்து ₹600. அதில் 70 சதவீதம் ₹420. 24 நாளில் முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் கிடையாது. மீதி 22 நாளுக்கு ₹9,240. ஒரு மாதச் சம்பளம் வராத வீட்டில் அது வாடகை.

சரி செய்ய வேண்டியதை மேடம் வரிசையாகச் சொன்னார். பழைய எண்தான் நிலைக்கும், புதியது அதில் சேரும். இரண்டு எண்ணும் ஒருவருடையதுதான் என்று காட்ட வேண்டும். ஆனால் பழைய பதிவில் பெயர் வேறாக இருப்பதால், முதலில் அந்தப் பெயரைத் திருத்த வேண்டும், அப்புறம்தான் இணைப்பு. இந்த வரிசை தெரியாமல் நான் நேரே இணைப்புக்கு மனு எழுதிக்கொண்டு போய் ஒரு வாரத்தை வீணடித்தேன்.

பெயர் திருத்தத்துக்குப் பழைய கம்பெனியின் லெட்டர்பேடில் கடிதம் வேண்டும். இன்ன எண்ணில் Karthick என்று பதிவானவர் ஆதாரின்படி Karthik M, பிறந்த தேதி இது, எங்களிடம் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை செய்தார் என்று. நின்று எட்டு மாதம் ஆன இடத்துக்குத் திரும்பிப் போய்க் கடிதம் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது போனவர்களுக்குத் தெரியும். நல்லபடியாக நின்றிருந்ததால் கொடுத்தார்கள். கன்சல்டன்ட் அலுவலகம் மட்டும், "அதெல்லாம் நாங்க ஆதாரைப் பார்த்துதானே போட்டோம்" என்று கடைசி வரை சாதித்தது. சண்டைபோட்டுப் பயனில்லை, கடிதம் கைக்கு வந்தால் போதும் என்று வந்துவிட்டேன்.

கடிதத்தோடு ஆதார் நகல், பழைய கம்பெனியின் ரிலீவிங் கடிதம், இரண்டு கம்பெனியின் சம்பளச் சீட்டுகள், என் பெயரில் உள்ள பாஸ்புக்கின் முதல் பக்கம், இப்போதைய கம்பெனியிலிருந்து ஒரு கடிதம், இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு என் கையெழுத்தில் ஒரு மனு. எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்து, அதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு முறை "உங்க பேப்பர் எங்க இருக்குன்னு பாக்கணும்" என்று சொன்னபோது அந்த முத்திரைத் தாள்தான் காப்பாற்றியது. பழைய எண்ணில் பதிவாகியிருந்த கன்சல்டன்ட்டின் கைபேசி எண்ணையும் இதோடு மாற்றிக்கொண்டேன். அதை மாற்றாமல் இருந்திருந்தால் இ.எஸ்.ஐ தளத்தில் என் கணக்கை என்னாலேயே திறந்திருக்க முடியாது. ஏனென்றால் முதல்முறை உள்நுழையும்போது எண், பிறந்த தேதி, பதிவான கைபேசி மூன்றையும் கேட்கிறது.

மொத்தம் ஏழு வாரம் ஆனது. ஒரு நாள் மாலை தளத்தில் பங்களிப்பு விவரத்தைத் திறந்தபோது இரண்டு கம்பெனியும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தன. ஜூலை மட்டும் காலி. அடுத்த நாளே விடுப்புப் பணம் கேட்கும் படிவம் 9-ஐ நிரப்பி, இ.எஸ்.ஐ மருத்துவர் கொடுத்த சான்றிதழ்களோடு கொடுத்தேன். மே மாத நடுவில் ₹9,240 வங்கிக்கு வந்தது.

பெயர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ப் பிரச்சினை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் Karthik M. பான் கார்டில் இனிஷியலைக் கடைசிப் பெயராக ஏற்க மாட்டார்கள், அதனால் அப்பா பெயர் விரிந்து Karthik Murugesan. வங்கியில் M Karthik. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் Karthik.M என்று நடுவில் ஒரு புள்ளி. நாலும் நான்தான் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இ.எஸ்.ஐ, பிஎஃப் இரண்டுக்கும் ஆதார்தான் அளவுகோல் என்று வைத்துக்கொண்டு, ஆதாரில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, இடைவெளி உட்பட, அப்படியே எழுதிக் கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்து பாதுகாப்பானது. படிவத்தில் தமிழிலோ அவசரக் கையெழுத்திலோ எழுதினால், தட்டச்சு செய்பவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படி ஆங்கிலத்தில் போடுவார். செந்திலுக்கு ஒரு h கூடும், லட்சுமிக்கு ஒரு x வரும்.

ஆதாரிலேயே தவறு இருந்தால், வேலையில் சேரும் முன்பே அதைத் திருத்திக்கொள்வது நல்லது. ஆனால் யோசித்துத் திருத்த வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். ஆரம்ப காலத்தில் எடுத்த சில ஆதார்களில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், தேதி இருக்காது. அந்த மாதிரி அட்டையைக் கொடுத்தால் தட்டச்சு செய்பவர் ஜனவரி 1 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார், பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும். இதைப் பிற்பாடு திருத்துவது பெயரைத் திருத்துவதைவிடக் கடினம். ஆதாரில் உங்கள் கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பிஎஃப் பற்றி ஒரு வரி. அங்கே பன்னிரண்டு இலக்க யுஏஎன். அதுவும் ஒருவருக்கு ஒன்றுதான், இதே குழப்பம் அங்கேயும் நடக்கிறது. இ.எஸ்.ஐ எண்ணும் யுஏஎன்னும் வேறு வேறு என்பதுகூட எனக்கு இரண்டாவது கம்பெனியில்தான் தெரிந்தது.

இந்த வருடம் என் தம்பி முதல் வேலைக்குப் போனான். இ.எஸ்.ஐ பதிவை வேலையில் சேர்ந்த பத்து நாளுக்குள் கம்பெனி செய்துவிட வேண்டும் என்பது விதி. அதனால் ஆறாம் நாள், "நம்பர் வந்துச்சான்னு கேளுடா" என்றேன். கேட்கவே கூச்சப்பட்டான். "கம்பெனில தப்பா நினைச்சுக்குவாங்கண்ணா" என்றான். வேலை செய்யும் இடத்தில் நாளைக்கே கையில் மெஷின் பட்டால் எண் இல்லாமல் எங்கே போய் நிற்பாய் என்று திட்டிய பிறகு கேட்டான். மறுநாள் இ.எஸ்.ஐ அடையாள அட்டையான இ-பெஹ்சான் அட்டையின் அச்சை வாங்கி வந்தான். அட்டை என்று பெயர்தான், ஏ4 தாளில் அச்சடித்த ஒரு பக்கம். குடும்பப் போட்டோ ஒட்டி, கம்பெனி கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது.

சாப்பாட்டு மேசையில் ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தோம். அவன் பெயர் சரி. பிறந்த தேதி சரி. கைபேசி அவனுடையது. ஆதார் இணைந்திருந்தது. மருந்தகம் மட்டும் கம்பெனிக்குப் பக்கத்தில் உள்ளதைப் போட்டிருந்தார்கள். அவன் தங்கியிருப்பது எங்களோடு, அம்மாவும் இங்கேதான். காய்ச்சல் வந்தால் அம்மா இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருக்கும். குடும்பத்துக்கு வேறு மருந்தகம் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது, யாரும் கேட்காததால் அவர்கள் இரண்டுக்கும் ஒன்றையே போட்டிருந்தார்கள். அப்புறம் குடும்பப் பட்டியலில் அம்மா பெயரைத் தேடினோம். இல்லை. அப்பா மட்டும் இருந்தார், அதுவும் 'தந்தை பெயர்' என்ற கட்டத்தில். சார்ந்து வாழும் பெற்றோர், மாத வருமானம் ₹9,000-க்கு மேல் போகாமல் இருந்தால், வைத்தியத்துக்கு உரியவர்கள். அம்மாவுக்கு வருமானம் எதுவும் இல்லை.

தம்பி அம்மாவின் ஆதார் நகலை எடுத்துக்கொண்டு போனான். அம்மா பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில், ஆதாரில் இருப்பது போலவே எழுதி அதோடு பின் செய்து கொடுத்தனுப்பினேன். நாலாவது நாள் புது அச்சு வந்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "என் பேருல ஒரு எழுத்து கொறையுதே" என்றாள். பார்த்தால் ஆதாரிலேயே குறைந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போக வேண்டும்.